ஜெனரேட்டர் தகராறு செய்கிறதா? எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அறையைப் பாருங்கள்

புதிதாக வைத்த ஜெனரேட்டர் தகராறு செய்தால் எல்லோருடைய கையும் முதலில் எஞ்சினை நோக்கித்தான் போகிறது. தெர்மோஸ்டாட் மாற்றுகிறார்கள், நாசிலைக் கழற்றுகிறார்கள், ரேடியேட்டரைக் கழுவுகிறார்கள். நான் இந்த வேலையில் பார்த்த வரையில், வைத்து ஓராண்டுக்குள் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை எஞ்சினுக்குள் பிறப்பதில்லை. மேடை, புகைக்குழாய், காற்றுத் திறப்பு, சேஞ்ச்ஓவர் சுவிட்ச், சத்தத்துக்காகச் செய்த அடைப்பு ஆகிய ஐந்தில் ஒன்றில்தான் அவை பிறக்கின்றன. இந்த ஐந்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடுவதும் வழக்கமாக நடக்கிறது.

கையில் உள்ள ஒரு வேலையையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறு கடை. பின்புறம் 3 மீட்டருக்கு 2.2 மீட்டர் அளவில் ஓர் அறை, உயரம் 2.8 மீட்டர். அதில் 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர்: இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் வகை, ஒற்றை ஃபேஸ். ரேடியேட்டருக்கு எதிரே 60 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் அளவில் சாய்தகடு பொருத்திய ஒரு ஜன்னல். மறுபக்கத்தில் ஒரு கதவு. நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் நின்றது. அதன் பிறகு தினமும் நின்றது.

அரை மணி, முக்கால் மணி ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடுகிறது

முதலில் பேனலில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். எண்ணெய் அழுத்தக் குறைவு என்றால் இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு எண்ணெய் அளவைப் பாருங்கள். அது வேறு கதை. வெப்பநிலை விளக்கு எரிந்தால் மேலே படியுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போதே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் மூடி தளர்ந்த கணத்தில் பீறிட்டு அடிக்கும்.

அந்தக் கடையில் ஏற்கெனவே தெர்மோஸ்டாட்டும் மின்விசிறி பெல்ட்டும் மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் அடுத்ததாக வாட்டர் பம்ப் என்றார். நான் கேட்டது ஒரு தெர்மாமீட்டர் மட்டும்தான். வெளியே நிழலில் 33 டிகிரி. அறையில் எஞ்சின் ஓடி 40 நிமிடம் ஆனபின், ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் பக்கத்தில் 52 டிகிரி. பத்தொன்பது டிகிரி வித்தியாசம். ஒழுங்காக அமைத்த அறையில் இது ஐந்து, அதிகம் போனால் பத்து டிகிரி இருக்க வேண்டும். வாட்டர் பம்ப் பாவம் என்ன செய்யும்?

கணக்கைப் பார்ப்போம். முழு லோடில், அதாவது 8 கிலோவாட்டில், இந்த அளவு எஞ்சின் மணிக்குச் சுமார் 2.8 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. ஆக உள்ளே போவது 28 கிலோவாட். அதில் 8 மின்சாரமாகக் கம்பி வழியே வெளியேறுகிறது. ஏறக்குறைய 9 புகையோடு போகிறது. மீதி 11 கிலோவாட் ரேடியேட்டரிலிருந்தும் எஞ்சின் உடலிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் அறைக் காற்றில்தான் கலக்கிறது. ஒரு கிலோவாட் ரூம் ஹீட்டர்கள் பதினொன்றை அந்தச் சிறிய அறையில் போட்டுக் கதவைச் சாத்தியது போல.

இந்த வெப்பத்தைக் காற்றுதான் சுமந்துகொண்டு வெளியே போக வேண்டும். காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் காற்று வேண்டும். அறையின் மொத்தக் கொள்ளளவு 18 கன மீட்டர்தான். அப்படியானால் அறையிலுள்ள காற்று முழுவதும் இருபது விநாடிக்கு ஒரு முறை மாற வேண்டும்.

"எஞ்சின் மூச்சு விடக் கொஞ்சம் ஓட்டை இருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். டீசல் எரிவதற்கு வேண்டிய காற்று உண்மையிலேயே கொஞ்சம்தான். மேலே சொன்ன அளவில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. மீதி எல்லாம் குளிர்விப்பதற்கு. ஓட்டை சிறியதாக இருந்தாலும் எஞ்சின் மூச்சுத் திணறுவதில்லை, வேகிறது. அதனால்தான் அது உடனே நிற்காமல் முக்கால் மணி கழித்து நிற்கிறது.

திறப்பு எவ்வளவு வேண்டும்? காற்று விநாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் போனால் நல்லது. அதற்கு மேல் வேகம் கூடினால் ரேடியேட்டர் விசிறிக்குச் சுமை. 0.95 கன மீட்டரை 2.5ஆல் வகுத்தால் 0.38 சதுர மீட்டர். இது வெறும் திறப்பின் அளவு. சாய்தகடு போட்டால் பரப்பில் பாதி தகட்டுக்கே போய்விடும். எனவே சட்டத்தின் அளவு இதைப் போல் இரு மடங்கு, அதாவது சுமார் 85 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர், இருக்க வேண்டும். வெளியேறும் பக்கத்துக்கு ஒன்று, உள்ளே வரும் பக்கத்துக்கு ஒன்று. கடைக்காரரின் ஜன்னலில் சட்டம் 0.54 சதுர மீட்டர், திறப்பு அதில் பாதி. தொடக்கத்திலேயே அது போதாது. மாலை நேரத்தில் பாதி லோடில் மட்டும் ஓட்டியதால் நான்கு மாதம் தப்பித்திருக்கிறார்கள்.

சரி, திடீரென்று நிற்கத் தொடங்கியது ஏன்? ஜன்னலின் கீழ்ப்பாதியில் ஒரு ப்ளைவுட் பலகை அடித்திருந்தது. "அது சத்தத்துக்காக, ஐயா. பக்கத்து வீட்டில் குறை சொன்னார்கள்" என்றார் கடைக்காரர். இந்தப் பலகைக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

உங்கள் அறையில் குறை உள்ளே வரும் திறப்பிலா, வெளியேறும் பக்கத்திலா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் லோடில் ஓடும்போது அறைக் கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். கதவு உள்பக்கமாக இழுக்கப்பட்டால், அல்லது இடுக்கில் காற்று விசில் அடித்தால், விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது, உள்ளே வர வழியில்லை என்று பொருள். வரும் திறப்பைப் பெரிதாக்குங்கள். இழுப்பு எதுவும் இல்லை, ஆனால் அறை கொதிக்கிறது என்றால், ரேடியேட்டர் தள்ளும் சூடான காற்று வெளியே போகாமல் சுற்றி வந்து மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. அதற்கு மருந்து ரேடியேட்டருக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஒரு தகரக் குழல். எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும் கித்தான் துணி. இல்லாவிட்டால் எஞ்சினின் ஆட்டம் சுவருக்கு ஏறும். அந்தக் கடையில் இரண்டு குறையும் இருந்தன. ரேடியேட்டருக்கும் ஜன்னலுக்கும் இடையில் 40 சென்டிமீட்டர் இடைவெளி, குழல் இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். ஒலி தடுக்கும் பெட்டிக்குள் வரும் ஜெனரேட்டர் சூடானால் பெட்டிக் கதவைத் திறந்துவைத்து ஓட்டுகிறார்கள். அதில் பல நேரங்களில் சூடு கூடத்தான் செய்யும். பெட்டியின் காற்றுப் பாதை கதவு மூடியிருப்பதாக நினைத்து வடிவமைக்கப்பட்டது. கதவைத் திறந்தால் விசிறி அருகிலிருக்கும் காற்றையே இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் பக்கம் காற்றே போகாது.

லோடு ஏற்றினால் கரும்புகை, இழுவை குறைகிறது

ஏர் ஃபில்டரை மாற்றியும் போகவில்லை என்றால் புகைக்குழாயைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் புகையை வெளியே தள்ளவே மூச்சை முட்டும்போது புதுக் காற்று குறைவாக நுழைகிறது, டீசல் முழுதாக எரிவதில்லை.

பெரும்பாலும் குற்றவாளி குழாயின் விட்டம். எஞ்சின் வாய் 50 மில்லிமீட்டர், சுவரில் ஏற்கெனவே இருந்த ஓட்டை சிறியது, எனவே 40 மில்லிமீட்டர் குழாயைப் போட்டுவிடுகிறார்கள். பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் எதிரழுத்தம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. 50ஐ 40ஆல் வகுத்து ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: மூன்று மடங்கு. வளைவுகளும் சும்மா விடுவதில்லை. குறுகிய ஒவ்வொரு தொண்ணூறு பாகை வளைவும், 50 மில்லிமீட்டர் குழாயில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். மூன்று வளைவு போட்டால் நாலரை மீட்டர் கூடுதலாகப் போட்டது போல. குழாய் நீளும்போது விட்டத்தைக் கூட்ட வேண்டும், ஒருபோதும் குறைக்கக்கூடாது.

அளந்துதான் பார்க்க வேண்டும் என்றால், சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு துளையிட்டு, அதில் ஒரு முழம் செப்புக் குழாயைப் பொருத்தி, அதன் முனையில் ப்ளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். செப்பு இல்லாமல் நேராக ப்ளாஸ்டிக்கை மாட்டினால் உருகிவிடும். முழு லோடில் இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எதிரழுத்தம். அரை மீட்டர் வித்தியாசம் என்பது சுமார் 5 கிலோபாஸ்கல். அனுமதிக்கும் எல்லை ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதன் கையேட்டில் இருக்கிறது. நீங்கள் அளந்ததை அதனோடு ஒப்பிடுங்கள். சோதனை முடிந்ததும் துளையைத் திருகு போட்டு இறுக அடையுங்கள்.

எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் இருக்கும் பெல்லோஸ் என்ற வளையும் நெளிவுக் குழாய் அடிக்கடி விரிசல் விடுகிறதா? அது குழாயின் எடையைத் தாங்குகிறது, அல்லது கோணலாகப் பொருந்திய குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் அதன் வேலை இல்லை. குழாயையும் சைலன்சரையும் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ தொங்கவிட்டு, போல்ட்டைக் கழற்றினாலும் பெல்லோஸ் நேராக நிற்கும்படி வையுங்கள். சூட்டில் இரும்பு நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து மீட்டர் குழாய் 350 டிகிரி ஏறினால் 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். சுவர் ஓட்டையில் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால் அந்த 2 சென்டிமீட்டர் எங்கே போகும்? சுவரைப் பிளக்கும், அல்லது பெல்லோஸைக் கிழிக்கும். குழாயைச் சுற்றி ஒரு பெரிய உறைக்குழாய் போட்டு இடைவெளியில் கனிமக் கம்பளி அடைப்பதுதான் சரி.

மழை பெய்த மறுநாள் ஸ்டார்ட்டர் "டக்" என்று நின்றுவிடுகிறது

மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். நேராக மேலே போகும் குழாயின் வாயில் மூடியில்லாமல் விட்டால் மழைத் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த முறை ஸ்டார்ட்டர் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். நாசிலைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயையும் மாற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும். நிரந்தரத் தீர்வு மலிவானது. குழாய் முனையில் புகை தள்ளித் திறக்கும் மூடி, கிடைக் குழாய் எஞ்சினை விட்டு விலகி இறங்கும் சரிவு, தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் அடைப்பான். மழையே இல்லாத ஊரிலும் இந்தச் சரிவு வேண்டும். புகையிலுள்ள நீராவியும் குளிர்ந்து தண்ணீராகிறது.

குழாய் இணைப்புகளில் கறுப்பு எண்ணெய் போல வடிந்தால் அது மழை அல்ல. ஜெனரேட்டர் தேவைக்கு மிகப் பெரியது. மூன்றில் ஒரு பங்கு லோடுகூட இல்லாமல் மணிக்கணக்காக ஓடினால், எரியாத டீசலும் கரியும் சேர்ந்து வடியும். வாரத்துக்கொரு முறை நல்ல லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் தெளியும்.

ஜெனரேட்டர் ஓடும்போது தலைவலி, குமட்டல்

இதற்கு மட்டும் காரணத்தைத் தேடி நிற்காதீர்கள். எல்லோரும் முதலில் வெளியே வாருங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். யாருக்காவது மயக்கம் இருந்தால் மருத்துவ உதவியை அழையுங்கள். காரணத்தை நாளை பார்க்கலாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. டீசல் நாற்றம் வரவில்லையே என்று நினைப்பதில் பொருள் இல்லை. பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையில் இந்த வாயு டீசலைவிடப் பல மடங்கு அதிகம். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டுக்குள், கார் நிறுத்தும் அறையில், கதவு திறந்திருந்தாலும்கூட ஓட்டக்கூடாது. ஜன்னல்களையும் கதவுகளையும் விட்டுக் குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

மறுநாள் தேட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, அறைக்குள் கசிவு: பெல்லோஸிலும் கேஸ்கெட்டிலும் கரிக்கோடு ஒன்று விசிறி போலப் பரவியிருக்கும், அதுதான் கசியும் இடம். இரண்டு, வெளியே சரியாகப் போன புகை திரும்பி வருவது. குழாய் முனை ஒரு ஜன்னலுக்குக் கீழே இருக்கலாம், ஓட்டுக் கூரைத் தாழ்வாரத்துக்கு அடியில் இருக்கலாம், அறைக்குள் காற்று வரும் திறப்புக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். கடைசியாகச் சொன்னது மோசமானது. எஞ்சின் தன் புகையைத் தானே இழுத்து அறையையும் நிரப்பும். எது எப்படியானாலும், ஆட்கள் தூங்கும் அறையில் இந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்று இருக்கட்டும். மூக்கை நம்பாதீர்கள்.

லோடு கொடுத்தவுடன் ஜெனரேட்டர் பேனலில் ஆர்சிசிபி விழுகிறது

மின்கசிவைக் கண்டு துண்டிப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை என்பதால், கடையில் எங்கோ கசிவு என்று நினைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றுவார்கள். ஒன்றும் கிடைக்காது. மெயின் மின்சாரத்தில் ஒழுங்காக ஓடும் அதே கடை ஜெனரேட்டரில் மட்டும் விழுகிறது என்றால், முதலில் சேஞ்ச்ஓவர் சுவிட்சின் மூடியைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் மெயினையும் நிறுத்தி, ஜெனரேட்டரையும் நிறுத்தி, டெஸ்டரால் சரிபாருங்கள். இந்த வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனுடையது.

உள்ளே பார்க்க வேண்டியது நியூட்ரல். ஃபேஸ் ஒழுங்காக மாற்றியிருப்பார்கள். நியூட்ரல்களை மட்டும் சுவிட்சுக்குக் கொண்டுவராமல் மூன்றையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். "நியூட்ரலில் மின்சாரம் இல்லையே" என்பது அதற்குச் சொல்லும் நியாயம். இப்போது நடப்பதைப் பாருங்கள். ஜெனரேட்டரின் ஃபேஸில் கிளம்பும் மின்சாரம் திரும்பும்போது ஒரு பகுதி மெயின் நியூட்ரல் வழியே வெளியே போய், மண் வழியாக ஜெனரேட்டரின் எர்த்துக்கு வந்து சேர்கிறது. அந்தப் பகுதி ஆர்சிசிபி வழியே திரும்பவில்லை. போனதும் வந்ததும் சமமில்லை என்று ஆர்சிசிபி கண்டுகொண்டு விழுகிறது. அது தன் கடமையைத்தான் செய்கிறது. பலர் செய்வது என்னவென்றால், ஆர்சிசிபியையே கழற்றிவிடுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கும், காப்புதான் போகும்.

ஒற்றை ஃபேஸுக்கு இரண்டு துருவச் சுவிட்ச், மூன்று ஃபேஸுக்கு நான்கு துருவச் சுவிட்ச், நடுவில் இரண்டும் துண்டிக்கப்பட்ட நிலை ஒன்று: இதுதான் வேண்டியது. மீட்டரால் இரு நியூட்ரல்களுக்கும் இடையே தொடர்ச்சி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டும் மண்ணோடு சேர்ந்திருப்பதால் மீட்டர் எப்படியும் தொடர்ச்சி இருப்பதாகவே காட்டும். கண்ணால் கம்பியைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

சேஞ்ச்ஓவர் சுவிட்சே இல்லாமல், இரு முனையிலும் ப்ளக் வைத்த ஒயரால் சுவர் சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் செருகுவதை ஒரு வழி என்றே சொல்லக்கூடாது. வீட்டிலிருந்து தெருவுக்குப் பின்னோக்கிப் போகும் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு உயர்ந்து, "லைன் செத்திருக்கிறது" என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கையில் போய் முடியும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் போர்டில் தீய்ந்த நாற்றம்

இதை அதிகம் பேர் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டரை வைக்கும்போது, சுவிட்சின் ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்று ஃபேஸ் முனைகளையும் ஒரு கம்பியால் பாலம் போட்டு இணைப்பார்கள். எல்லா விளக்கும் எரியும். அங்கேதான் வலை.

மெயினில் ஓடும்போது மூன்று ஃபேஸிலும் தலா 14 ஆம்பியர் போனால், மூன்றும் வேறு வேறு நேரத்தில் ஏறி இறங்குவதால், நியூட்ரலில் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்ளும். பாலம் போட்ட பிறகு மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகின்றன. அழிவதற்குப் பதில் கூடுகின்றன: 42 ஆம்பியர், ஒரே நியூட்ரல் கம்பியில். சுவிட்சிலிருந்து போர்டு வரை போகும் அந்த நியூட்ரல் 25 ஆம்பியருக்குப் போட்டதாக இருந்தால் அது சூடாகிறது, முனை கருகுகிறது. ஃபேஸ்களில் உள்ள எம்சிபி எதுவும் விழாது. ஒவ்வொன்றிலும் 14தானே போகிறது.

க்ளாம்ப் மீட்டரை நியூட்ரலில் மட்டும் மாட்டி, மெயினில் ஒரு முறையும் ஜெனரேட்டரில் ஒரு முறையும் பாருங்கள். ஒரு நிமிட வேலை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த நியூட்ரலை ஜெனரேட்டரின் முழு ஆம்பியருக்கு ஏற்ற தடிமனில் மாற்றுங்கள், அல்லது ஒரே ஃபேஸில் அவசியமான லோடுகளைச் சேர்த்து அதை மட்டும் ஜெனரேட்டருக்குக் கொடுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. மூன்று ஃபேஸ் மோட்டார் இருந்தால் அது கட்டாயம் தனியே துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். பாலத்தில் அது சுழலாது, உறுமிக்கொண்டே கருகும்.

தரை அதிர்கிறது, ஜெனரேட்டர் நகர்கிறது

நிறுத்தும்போது மூன்று நான்கு விநாடி குலுங்குவது இயல்பு. எஞ்சின் வேகம் இறங்கும் வழியில் ரப்பர் மவுண்ட்டின் சொந்த அதிர்வைத் தாண்டிப் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே குலுங்கினால்தான் கவலை.

பயணத்துக்காக மவுண்ட்டுகளின் பக்கத்தில் போட்ட இறுக்குத் தகடோ போல்ட்டோ இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு வருடம் அப்படியே ஓடிய ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது நான்கு மூலைகளும் மேடையில் உட்கார்ந்திருக்கின்றனவா என்பது. ஒரு மூலையின் அடியில் தாள் நுழைந்தால் அங்கே இரும்புத் தகடு வைத்துச் சமன் செய்யுங்கள்.

மேடையின் கணக்கு எளியது: அதன் எடை ஜெனரேட்டரின் எடைக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை மடங்காக இருக்கட்டும். நம் கடையின் ஜெனரேட்டர் பெட்டியில்லாமல் 450 கிலோ, அடிச்சட்டம் 1.6 மீட்டருக்கு 0.8 மீட்டர். சுற்றிலும் 15 சென்டிமீட்டர் கூட்டினால் 1.9க்கு 1.1. உயரம் 15 சென்டிமீட்டர். கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2400 கிலோ என்பதால் மேடை 750 கிலோ வரும். போதும். இன்னும் உயரமாகக் கட்டினால் எண்ணெய் வடிப்பது சுலபம் என்பதைத் தவிரப் பெரிய லாபம் இல்லை.

எடையைவிட முக்கியமானது மேடை கட்டடத்தின் தரையோடு ஒட்டாமல் இருப்பது. சுற்றிலும் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தெர்மோகோல் பலகை வைத்துக் கான்கிரீட் ஊற்றுங்கள். ஒட்டிவிட்ட மேடையின் அதிர்வு தரை, சுவர், மாடி என்று ஏறும். கடைசியாக, மவுண்ட் ஏற்கெனவே இருக்கும் ஜெனரேட்டரின் அடியில் இன்னொரு தடித்த ரப்பர் பாய் போட வேண்டாம். ரப்பர் மேல் ரப்பர் சேர்ந்தால் பல நேரம் ஆட்டம் கூடுகிறது.

சத்தம்

இப்போது அந்தப் பலகை. சத்தம் மூன்று வழியில் போகிறது: புகைக்குழாய் முனை, காற்றுத் திறப்பு, தரையும் சுவரும். எந்த வழி என்று தெரியாமல் பணத்தைக் கொட்டக்கூடாது. வெளியே நிற்கும்போது பரவாயில்லை, வீட்டுக்குள் போனால் "தும் தும்" என்று நெஞ்சில் அடிக்கிறது என்றால் அது தரை வழி. இரண்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் விநாடிக்கு 25 முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த ஒலியைப் பஞ்சு எதுவும் நிறுத்தாது, மேடையின் இடைவெளிதான் நிறுத்தும். குழாய் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் வெடிச்சத்தம் அதிகம் என்றால் சைலன்சர் போதவில்லை. கரகரப்பும் விசிறி இரைச்சலும் ஜன்னல் பக்கம் கேட்டால் காற்றுத் திறப்பு.

கடைக்காரருக்குக் கடைசியாகச் சொன்ன காற்றுத் திறப்பு. அறைச் சுவர்களில் முட்டைத்தட்டு போன்ற ஸ்பாஞ்சு ஒட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது தீப்பற்றும், அதைவிட, பயனும் இல்லை. சுவர்ப் பரப்பில் நூறில் ஒரு பங்கு மட்டும் திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், ஒலி 20 டெசிபெலுக்கு மேல் குறையாது. இங்கே திறப்பு அதைவிடப் பல மடங்கு. சத்தம் சுவரைத் துளைத்து வரவில்லை, திறப்பின் வழியே நடந்து வருகிறது. திறப்பை மூடினால் எஞ்சின் வேகும். மூடாமல் ஒலியை மட்டும் களைக்கவைக்க வேண்டும்.

காற்று வளைந்து போகும், ஒலி வளையும்போது இளைக்கும். அதைத்தான் பயன்படுத்தினோம். பலகையைப் பிடுங்கினோம். ஜன்னலை 90 சென்டிமீட்டர் சதுரமாகப் பெரிதாக்கி, ரேடியேட்டரிலிருந்து கித்தான் இணைப்புடன் தகரக் குழல் கொண்டுவந்து, வெளியே ஒரு செங்குத்து வளைவாக மேல்நோக்கித் திருப்பினோம். குழலின் உட்புறம் 5 சென்டிமீட்டர் கனிமக் கம்பளி, அதன் மேல் துளைத்தகடு. கம்பளிக்குப் பின் மிஞ்சும் உள்ளளவு 80 சென்டிமீட்டர் சதுரம், அதாவது 0.64 சதுர மீட்டர், தேவையான 0.38க்கு மேல் நிறைய இருப்பதால் வளைவில் ஏற்படும் தடையைத் தாங்கும். மேல் வாயில் மழை விழாமல் தள்ளி நிற்கும் கூரைத் தகடு. கதவுப் பக்கம், ஆல்டர்னேட்டருக்கு அருகில், காற்று உள்ளே வருவதற்கும் அதே மாதிரி ஒன்று, சற்றுச் சிறியது. கதவு இனி மூடியே இருக்கும்.

முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். வெளியே 34, ரேடியேட்டர் நுழைவில் 39. மெக்கானிக் கழற்றி வைத்த பழைய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துச் சோதித்தேன், ஒழுங்காகத் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. "முன்னைக்குப் பரவாயில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் வேண்டாம்" என்றார். கடைக்காரர் ஒன்பதுக்கே கடையை மூடுபவர், ஒப்புக்கொண்டார்.